போட்டோவில் உள்ள பத்திக்கு முழு விடை எழுதுவது எப்படி?

“மகள் ஆறாம் வகுப்பு. டீச்சர் பத்தியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘முழு வாக்கியத்தில் விடை எழுது’ என்கிறார். இவள் ஒரே வார்த்தையில் எழுதுகிறாள், இல்லையென்றால் வரியை அப்படியே பார்த்து எழுதுகிறாள். இரண்டுக்கும் மார்க் குறைகிறது. என்ன செய்வது, சார்?” – திருவட்டாறு வாசகி

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. போட்டோவில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“பறளியாற்றின் குறுக்கே மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் கட்டி முடிக்கப்பட்டது. ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுசெல்ல இது கட்டப்பட்டது.”

கேள்வி: மாத்தூர் தொட்டிப்பாலம் ஏன் கட்டப்பட்டது?

“தண்ணீருக்கு” என்று மட்டும் எழுதினால் அது வாக்கியம் ஆகாது. இரண்டாவது வரியை அப்படியே எழுதினாலும் குறைதான், அதில் வரும் ‘இது’ எது என்று விடையை மட்டும் படிப்பவருக்குத் தெரியாது. மகளிடம் பென்சிலைக் கொடுத்துக் கேள்வியில் ‘ஏன்’ என்ற சொல்லை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பது “மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டப்பட்டது”. அடித்த இடத்தில் பத்தியில் கிடைத்த காரணத்தை வைக்க வேண்டும்: “மாத்தூர் தொட்டிப்பாலம், ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுசெல்வதற்காகக் கட்டப்பட்டது.” ‘ஏன்’ என்று கேட்டால் விடையில் ‘க்காக’ அல்லது ‘ஆல்’ வர வேண்டும். ‘எப்போது’ என்றால் “1966ஆம் ஆண்டில்” என்று வர வேண்டும், வெறும் 1966 போதாது.

எழுதி முடித்ததும், ஆதாரம் எந்த வரி என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அது ஊகம்.

இதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். “பாலத்தின் உயரம் என்ன?” என்று ஒரு கேள்வி வருகிறது. பாலத்துக்குப் போய் வந்த பிள்ளை உடனே “115 அடி” என்று எழுதிவிடும். தகவல் சரிதான், ஆனால் மேலே உள்ள பத்தியில் உயரமே இல்லை. அப்போது முதலில் போட்டோவைச் சந்தேகப்படுங்கள். கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கலாம், புத்தகம் மடியும் இடத்தில் நிழல் விழுந்து வரியின் ஓரம் மறைந்திருக்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் டீச்சரிடம் முழுப் பக்கத்தைக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. முழுப் பக்கத்திலும் இல்லையென்றால் “பாலத்தின் உயரம் இந்தப் பத்தியில் குறிப்பிடப்படவில்லை” என்பதுதான் முழு விடை. தெரிந்ததை எழுதினால், பத்தியைப் படித்தாளா என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கடையில் விற்கும் கைடும், சில டியூஷன் சென்டர்கள் குரூப்பில் போடும் ரெடிமேட் விடையும் வேண்டவே வேண்டாம். போன வருஷம் ஒரே டியூஷனைச் சேர்ந்த பிள்ளைகளின் நோட்டில் ஒரே எழுத்துப்பிழையோடு ஒரே விடையைப் பார்த்தேன். ஒருவர்கூடப் பத்தியைத் திறக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மங்கலான போட்டோவை அனுப்பிக் காலையில் விடை கேட்கும் பழக்கம்தான் பெற்றோரை அந்த ஆட்களிடம் துரத்துகிறது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.