‘உட்காருங்க’வில் தொலைந்த ‘ங்க’

கேள்வி: முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவரை வரவேற்கும்போது என் சிரிப்பு அவருக்குத் தெரிவதே இல்லை. நான் கோபமாகப் பேசுவதாகக்கூடச் சிலர் நினைக்கிறார்கள். கண்ணாலும் குரலாலும் அன்பைக் காட்டுவது எப்படி?

குன்னூரில் செவித்திறன் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். கொரோனா காலத்தில் எல்லோரையும் போல அணியத் தொடங்கிய முகக்கவசத்தை நான் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை; காசநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் என்னிடம் வருவதே காரணம். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய்க்குச் சில சமயம் போடப்படும் ஊசிகள் செவியைப் பாதிக்கக்கூடியவை என்பதால், அவர்களுடைய கேட்கும் திறனை அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் என்95 கவசமும், மற்ற நாட்களில் சாதாரண நீல நிற மூன்றடுக்குக் கவசமும் அணிகிறேன். உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. அதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தேயிலை ஃபேக்டரி ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவரை அவருடைய மருமகள் அழைத்து வந்திருந்தார். இலையை அரைக்கும் சிடிசி எந்திரங்களின் இரைச்சலில் காலம் கழித்தவர்களுக்கு முதலில் போவது உயர் சுருதி ஒலிகள்தாம். பேச்சு காதில் விழும், ஆனால் என்ன சொன்னார்கள் என்று பிடிபடாது. அவரும் அப்படித்தான். மார்கழிக் குளிர் என்பதால் மங்கி கேப்பைப் புருவம் வரை இழுத்து விட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஜன்னலுக்கு முதுகு காட்டி, என்95 கவசத்தோடு அமர்ந்திருந்த நான், அவருக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தி, “வாங்க, உட்காருங்க” என்றேன். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு எனக்கு எதிரே இருந்த நாற்காலியை விட்டுவிட்டுச் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சோதனை முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போன பிறகு மருமகள் மட்டும் திரும்பி வந்து, “மாமாவுக்கு மனசு கஷ்டமாயிடுச்சும்மா. இந்த வயசுல என்னை ‘உட்காரு’ன்னு சொல்றாங்களேன்னு கேக்குறாங்க” என்றார்.

நான் ‘ங்க’ சொன்னேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அன்று மாலை, கைபேசியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, அதே கவசத்தோடு அதே குரலில் அந்த வாக்கியத்தைப் பேசிப் பதிவு செய்து கேட்டேன். ‘உட்கா’ என்பது அதட்டல் போல விழுந்தது. அதற்குப் பின் வந்த ‘ருங்க’ தேய்ந்து போய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி ஒலித்தது. மேஸ்திரியின் செவியில் அது ‘உட்காரு’ என்றுதான் விழுந்திருக்கும்.

இதற்கான காரணம் எளிமையானது. கவசம் ஒலி முழுவதையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள உயர் சுருதிப் பகுதியையே குறைக்கிறது. சாதாரண மருத்துவக் கவசம் அங்கே ஏறத்தாழ 3 அல்லது 4 டெசிபல் எடுத்துக்கொள்ளும். என்95 ஏறத்தாழ 12 டெசிபல் வரை எடுத்துக்கொள்ளும். சகரத்தின் சீறல், தகரத்தையும் டகரத்தையும் பகரத்தையும் பிரித்துக் காட்டும் சிறு வெடிப்பு ஆகியவை பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. குரலின் ஏற்ற இறக்கமோ மிகக் கீழே இருக்கிறது: பெண்களுக்குப் பொதுவாக 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் ஆண்களுக்கு அதைவிடத் தாழ்ந்தும். அது துணியைத் தாண்டி அப்படியே வந்துவிடும். ஆகவே உங்கள் குரலில் இருக்கும் பரிவைக் கவசம் தடுப்பதில்லை. கேட்காதோ என்ற பதற்றத்தில் நாம் கத்தும்போதுதான் அது கெட்டுப்போகிறது.

இரைச்சலில் பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை 1911-இலேயே லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் எழுதி வைத்தார். குரல் உயர்ந்தால் சத்தம் மட்டும் கூடுவதில்லை; சுருதியும் ஏறும், குரலும் இறுகும்; என் பதிவில் கேட்டது போல அழுத்தம் முதல் அசைகளில் போய் விழவும் கூடும். கோபத்தின் ஒலி அடையாளங்களும் ஏறத்தாழ இவையேதாம். தமிழில் இதனால் வரும் கேடு இன்னும் பெரிது, ஏனெனில் நம் மரியாதை முழுவதும் சொல்லின் வாலில் இருக்கிறது. வாலைத் தேய்த்துவிட்டால் ‘வாங்க’ ‘வா’ ஆகிவிடும். முகம் தெரியும்போது சிரிப்பு அந்தக் குறையை ஈடு செய்துவிடுகிறது. கவசத்துக்குப் பின்னால் அந்த ஈடு கிடைப்பதில்லை.

அதனால் நான் முதலில் மாற்றியது தூரத்தை. திறந்த இடத்தில் தூரம் பாதியானால் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். இரண்டு மீட்டரில் இருந்து ஒரு மீட்டருக்கு வந்தாலே சாதாரணக் கவசம் எடுத்துக்கொண்டது திரும்பக் கிடைத்துவிடுகிறது, குரலை உயர்த்த வேண்டியதில்லை. என்95க்கு இது போதாது. மேலும் அதை அணியும் நாட்களில் நெருங்கி உட்காருவதும் சரியில்லை. அங்கே ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியையும் வானொலியையும் அணைத்து, வேகத்தைக் குறைத்துப் பேசுவதுதான் வழி.

அடுத்து, சொற்களைத் தேர்ந்தெடுக்கப் பழகினேன். ‘வணக்கம்’ இதற்கென்றே அமைந்த சொல் போல இருக்கிறது. அதில் சீறும் எழுத்து எதுவும் இல்லை, வகரமும் ணகரமும் மகரமும் தாழ்ந்த ஒலிகள், கவசத்தால் அவற்றை அதிகம் கெடுக்க முடியாது. ‘சௌக்கியமா’ என்று கேட்டால் முதல் எழுத்தே மங்கிவிடுகிறது. ‘நல்லா இருக்கீங்களா’ ஏறக்குறைய முழுதாகப் போய்ச் சேர்கிறது. அதன் கடைசியில் வரும் ‘ளா’ நெடிலாக இருப்பதால், குரலை மெல்ல மேலேற்றி இறக்குவதற்கு இடமும் கிடைக்கிறது. பரிவு கேட்பவருக்குப் போய்ச் சேர்வது அந்த நெடிலில்தான். ‘உட்காருங்க’ போலக் குறிலில் முடியும் சொல்லாக இருந்தால் ‘ங்க’வைச் சற்று நீட்டி, முதல் அசையைத் தளர்த்திச் சொல்கிறேன். எழுத்தில் படிக்கும்போது இது நாடகத்தனமாகத் தோன்றலாம். கவசத்துக்கு வெளியே கேட்கும்போது இயல்பாகவே இருக்கிறது.

சிரிப்பு தெரியாதே என்று சிரிக்காமல் இருந்துவிடாதீர்கள். சிரிக்கும்போது உதடுகள் பக்கவாட்டில் விரிவதால் வாயின் நீளம் சற்றுக் குறைந்து, குரலின் நிறமே மாறுகிறது. முகத்தைப் பார்க்காமலே தொலைபேசியில் ஒருவர் சிரித்துக்கொண்டு பேசுவதை நாம் கண்டுபிடிப்பது அதனால்தான். உயர் பகுதி குறைவதால் கவசம் இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் மழுக்கும், முழுதாக அழிக்காது. கண்ணும் இதோடு சேர்ந்தே வேலை செய்கிறது. உதட்டு ஓரத்தை இழுப்பது ஒரு தசை, கண்ணைச் சுற்றி வளையமாக இருப்பது வேறொரு தசை என்று 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் பிரித்துக் காட்டினார். கண்ணைச் சுற்றிய தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது என்றார் அவர். பலரால் அதையும் வேண்டுமென்றே இயக்க முடியும் என்று பிற்காலத்தில் தெரிந்தது. கண்ணாடி முன் கவசத்தோடு நின்று பாருங்கள்: மனதாரச் சிரித்தால் கன்னம் ஏறி, கவசத்தின் மேல் விளிம்பும் சிறிது மேலே போகும், கீழ் இமை தடிக்கும், கண்ணின் வெளி ஓரத்தில் கோடுகள் விழும். கவசத்தின் விளிம்பு அசையவில்லை என்றால் எதிரில் இருப்பவருக்கு எதுவும் தெரியவில்லை என்று பொருள். ஆனால் என்95 அணிந்திருக்கும்போது பெரிதாகச் சிரித்தால் கவசம் கன்னத்தைவிட்டு விலகக்கூடும் என்பதால், காசநோயாளிகளின் முன் நான் புருவத்தையே நம்புகிறேன். தெரிந்தவரைத் தொலைவில் கண்டதும் கணநேரம் புருவம் உயர்வது பல நாட்டு மக்களிடமும் காணப்படும் பழக்கம். அதோடு கைகூப்பித் தலையையும் அசைத்தால், வார்த்தை தொடங்கும் முன்பே வணக்கம் பாதி சொல்லியாகிவிட்டது.

இவை எல்லாவற்றையும் வீணாக்கக்கூடிய இரண்டு விஷயங்கள் எங்கள் மலையில் உண்டு. ஒன்று, வெளிச்சம். மூடுபனி நாளில் அறைக்குள் இருட்டாகவும் ஜன்னல் மட்டும் வெள்ளையாகவும் இருக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும், அதில் எந்தக் கண்ணும் சிரிக்காது. மற்றொன்று, மூக்குக்கண்ணாடி. மூச்சின் ஈரக்காற்று கவசத்தின் மேல் விளிம்பு வழியே ஏறிக் குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. மூக்கின் மேலுள்ள கம்பியை இரு கை விரல்களாலும் நன்றாக அழுத்தி, கண்ணாடியைக் கவசத்தின் விளிம்புக்கு மேலே வைத்தால் பெருமளவு நின்றுவிடும். (வாய் தெரியும்படி பிளாஸ்டிக் வைத்த கவசத்தையும் வாங்கிப் பார்த்தேன். உதடு தெரிந்தது, ஆனால் ஒலி துணியைவிட மோசமாக அடைபட்டது. போதாக்குறைக்கு அதிலும் பனி படிந்தது.)

மேஸ்திரி இரண்டாவது முறை வந்தபோது நாற்காலியை இடம் மாற்றி வைத்திருந்தேன். வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அன்று சாதாரணக் கவசம்தான். எழுந்து நின்று, அவர் என்னைப் பார்க்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்து, கைகூப்பி, “வணக்கம் மேஸ்திரி. நல்லா இருக்கீங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். பதில் வர இரண்டு வினாடி ஆனது. முன்பு என்றால் கேட்கவில்லை என்று எண்ணி அந்த இடைவெளியில் இன்னும் உரக்கச் சொல்லியிருப்பேன். அவருக்கோ அது சொல்லைச் சேர்த்துப் புரிந்துகொள்ளத் தேவையான நேரம். “இருக்கேன் டாக்டரம்மா” என்றார். நான் டாக்டர் இல்லை என்று திருத்தவில்லை. எதிரே இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

போன வாரம் காதுக் கருவியைச் சரிபார்க்க வந்திருந்தார். கவசத்தின் நாடாவும் கருவியும் ஒரே காதில் சிக்கிக் கழன்றுவிடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அதனால் நாடாவைத் தலைக்குப் பின்னால் முடிந்திருந்தார். மங்கி கேப்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே எனக்கு வணக்கம் சொன்னாராம். அப்போதுதான் வெளியில் இருந்து வந்திருந்த எனக்குக் கண்ணாடி முழுதும் பனி படிந்திருந்ததால், நான் பார்க்கவில்லை என்று அவருடைய மருமகள்தான் சொன்னார்.