பழைய குடும்பக் கடிதத்தைப் படிச்சு இங்கிலீஷ்ல மாத்தி எழுதுறவங்க கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நான் அதிகமா படிச்சது செட்டிநாட்டுக்கும் பினாங்கு, பர்மாவுக்கும் நடுவுல போன கடிதங்கதான், அதனால அந்தப் பக்கம் கேட்டா நிறைய சொல்வேன், மத்ததுக்கு ஒரு வரிதான் வரும். ஜாதகம், சொத்துக் கேஸ் ரெண்டும் வேண்டாம் சாமி.

ஈப்போ பேத்தி: ஊர்லேர்ந்து பினாங்குக்கு வந்த கடிதம். "தாது௵ சித்திரை௴ ௰௫௳ செவ்வாய்க்கிழமை ராத்திரி ௰௮ நாழிகைக்கு ஐயா அவர்கள் சிவபதவி அடைந்தார்கள்"னு இருக்கு. 15 ஏப்ரல் 1936னு போட்டுட்டேன், சரியா?

தப்பும்மா, ஆனா நல்ல கடிதம் மாட்டிருக்கு உங்களுக்கு, அதனால நிதானமாவே சொல்றேன். ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௰௫ன்னா பதினஞ்சு, அது வரைக்கும் சரி. ஆனா சித்திரை வேற ஏப்ரல் வேற. தாது வருஷம் சித்திரை 1 வந்தது 1936 ஏப்ரல் 13, திங்கக்கிழமை. அப்போ சித்திரை 15ம் திங்கக்கிழமைதான். கடிதத்துல செவ்வாய்னு எழுத்துல எழுதியிருக்கு, எண்ணைத் தப்பாப் படிக்கிற மாதிரி கிழமையை யாரும் படிக்க மாட்டாங்க. அதனால அந்த ௫ஐ மறுபடி பாருங்க, ௫ 'ரு' மாதிரி இருக்கும், ௬ 'சு' மாதிரி இருக்கும், அவசரக் கையெழுத்துல வால் தேஞ்சா ரெண்டும் ஒண்ணுதான். ௰௬னு எடுத்தா செவ்வாய் பொருந்துது, ஏப்ரல் 28.

இங்கேயே நிறுத்திடாதீங்க, ராத்திரி நாழிகைன்னு வேற இருக்கே. ராத்திரின்னு சொல்லி நாழிகை எழுதினா பொழுது சாஞ்சதுலேர்ந்து எண்ணுறதுதான் வழக்கம். ஒரு நாழிகை 24 நிமிஷம், 18 நாழிகைன்னா 7 மணி 12 நிமிஷம், சாயங்காலம் ஆறரைக்கு சூரியன் இறங்கினா ராத்திரி ஒண்ணேமுக்கால் வாக்குல வருது. நம்ம ஆளுங்களுக்கு விடியற வரைக்கும் அது செவ்வாய்க்கிழமைதான், இங்கிலீஷ் காலண்டருக்கோ பன்னெண்டு மணிக்கே புதன் ஆயிடுச்சு. அப்போ ஏப்ரல் 29.

ஈப்போ பேத்தி: ஐயோ, எங்க வீட்டு படத்துல 28னு இருக்கே! அந்த ௮ மேல ஒரு இங்க் கறை வேற இருக்கு, ௨ ஆகவும் இருக்கலாமோ?

இருக்கலாம். ௰௨ன்னா 12 நாழிகை, ராத்திரி பதினொண்ணேகால் பக்கம், அப்போ படத்துல இருக்கிற 28 சரிதான். ஆனா படத்துல இருக்குன்னு கடிதத்தை ௨ன்னு படிச்சிடாதீங்க, கடிதத்துல என்ன தெரியுதோ அதை மட்டும் எழுதுங்க. கறைக்குப் பக்கத்துல வேற எங்கயாவது ௮ எழுதியிருக்காரான்னு பாருங்க, அவர் ௮ல அந்தக் கடைசி கோடு கீழ இறங்குதா இல்ல சுழியோட நிக்குதான்னு ஒத்துப்பாருங்க. தெரியலன்னா ரெண்டையும் எழுதி, குடும்ப மரத்துக்கான GEDCOM ரெக்கார்ட்ல இப்படிப் போடுங்க:

```
1 DEAT
2 DATE BET 28 APR 1936 AND 29 APR 1936
2 NOTE தாது சித்திரை ௰[௬?], செவ்வாய், ராத்திரி ௰[௮/௨?] நாழிகை
2 SOUR @S1@
3 QUAY 2
```

QUAYங்கிறது சான்று எவ்வளவு நம்பலாம்ங்கிற குறி, 0லேர்ந்து 3 வரை. சாவு நடந்த வீட்டுலேர்ந்தே வந்த கடிதம்னு சொல்லி 3 போடலாம்னு சிலர் சண்டைக்கு வருவாங்க, எண்ணு ரெண்டு இடத்துல தெளிவா இல்லாதப்ப நான் 2தான் போடுவேன்.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன்: இவ்வளவு எதுக்கு சார், தாதுன்னா 1936, அவ்வளவுதானே. நெட்ல லிஸ்ட் இருக்கு.

பாதி சரி தம்பி. தாது மாசின்னு இருந்தா அது 1937, ஏன்னா வருஷம் சித்திரையில ஆரம்பிச்சு பங்குனியில முடியுது, ஜனவரிக்கு மேல வர்றதெல்லாம் அடுத்த இங்கிலீஷ் வருஷத்துல விழும். அப்புறம் அறுபது வருஷத்துக்கு ஒருதடவை அதே பேர் திரும்ப வரும், பெரிய பஞ்சம் வந்த தாது 1876. கவர் இருந்தா ஸ்டாம்ப்ல ராணி தலையா ராஜா தலையான்னு பார்த்தாலே பிரிச்சிடலாம். கவரை தூக்கிப் போட்டவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. கவரையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்றது.

சேலத்துல இருந்து ஒருத்தர்: கடிதத்துக்கு மேல 2னு போட்டிருக்கு. முதல் பக்கம் காணாமப் போச்சா?

அது பிள்ளையார் சுழி அண்ணே.

மெல்போர்ன்: படிக்க முடியாத வார்த்தைக்கு எல்லாம் `[?]` போட்டா போதுமா? ஒரு பக்கம் பூரா கேள்விக்குறியா இருக்கு.

போதாது. படிக்கவே முடியலங்கிறது வேற, படிச்சாச்சு ஆனா ரெண்டு விதமா படிக்கலாம்ங்கிறது வேற, எழுத்து பளிச்சுன்னு தெரியுது அர்த்தம்தான் தெரியலங்கிறது வேற. நாலாவது, காகிதமே ஓட்டை. எல்லாத்துக்கும் ஒரே குறி போட்டீங்கன்னா உங்களுக்கு அப்புறம் படிக்க வர்றவருக்கு எங்க லென்ஸ் வைக்கணும், எங்க பெரியவங்களைக் கேக்கணும்னே தெரியாது. நான் ஓட்டைக்கு எத்தனை எழுத்து போயிருக்கும்னு கணக்குப் போட்டு அத்தனை புள்ளி வைப்பேன், ரெண்டு வாசிப்புன்னா நடுவுல சாய்கோடு, அர்த்தம் தெரியாததை தமிழ் வார்த்தையாவே விட்டுட்டு கீழ குறிப்பு.

இன்னொண்ணு, குறியை தமிழ் வரியில போடுங்க, இங்கிலீஷ் வரியில மட்டும் போடாதீங்க. நேரா இங்கிலீஷுக்குத் தாவாதீங்க, தாவாதீங்க. முதல்ல மெய்யெழுத்துக்குப் புள்ளி சேர்க்காம கடிதத்துல இருக்கிறபடியே பார்த்து எழுதணும், அப்புறம் அதுக்குக் கீழ புள்ளி வச்சு இன்னிக்கு எழுதுற மாதிரி, மூணாவதா இங்கிலீஷ். 'தெவானை'ன்னு எழுதியிருந்தா, கடிதம் எழுதினவர் ெ, ே ரெண்டுக்கும் ஒரே கொம்புதான் போடுவார், அது தேவானை, கூப்பிடற பேர். அதே அம்மாவை அடுத்த கடிதத்துல தெய்வானைன்னு எழுதுவாங்க. முதல் வரி இல்லாம இங்கிலீஷ்ல மட்டும் எழுதினவர் மரத்துல ரெண்டு பொண்டாட்டி ஆக்கிட்டார், நான் பார்த்திருக்கேன்.

ஸ்கார்பரோ ஆள்: முதலாவது கேள்விக்குத் திரும்பிப் போறன். ஐயா எண்டால் அப்பா. எங்கட வீட்டில எல்லாரும் அப்பாவை ஐயா எண்டுதான் கூப்பிடுறது. ரெக்கார்டில ஃபாதர் எண்டு போடச் சொல்லுங்கோ.

உங்க வீட்டுல அப்படித்தான், யாழ்ப்பாணத்துல நிறைய வீட்டுல அப்படித்தான். செட்டிநாட்டுல ஐயான்னா தாத்தா, அப்பாவுக்கு அப்பச்சி.

திருநெல்வேலி: எங்க பக்கம் ஆச்சின்னா பாட்டி, அவுக ஊர்ல அக்காவாம்லா. பாத்து எழுதுங்க.

ஸ்கார்பரோ ஆள்: கடிதம் எழுதினவர் ஆர் எண்டு தெரியாமல் நீங்கள் எப்பிடி உறுதியாச் சொல்லுவியள்? பினாங்கில யாழ்ப்பாணத்து ஆக்களும் இருந்தவை.

நியாயமான கேள்விதான், அதுக்குத்தான் ஒரு வார்த்தையை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாதுங்கிறது. ஈப்போ அம்மா, அந்த வரிக்கு அடுத்து என்ன இருக்கு?

ஈப்போ பேத்தி: "அப்பச்சி கொள்ளி வைத்தார்கள். நீ கவலைப்பட வேண்டாம். ஆயாவுக்கு உடம்பு சுகமில்லை."

அப்போ முடிஞ்சுது பாதி. அப்பச்சின்னு எழுதுறவர் வீட்டுல ஐயா அப்பா இல்ல. அப்பா உயிரோட இருக்கார், கொள்ளி வச்சிருக்கார். கொள்ளி மகன் வைக்கிறது, அதனால செத்தவர் எழுதினவருக்கு அப்பா வழித் தாத்தா. ஆனா அதுக்கு அடுத்த வரிதான் இடிக்குது. அப்பா வழிப் பாட்டின்னா அப்பத்தான்னு இருக்கணும், ஆயான்னா அம்மா வழி. தாத்தா செத்த வீட்டுல அம்மா வழிப் பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு எழுதுவாங்களா? எழுதலாம், உறவுக்குள்ளயே கட்டிக்கிற ஊரு, பக்கத்து வீடாக்கூட இருக்கும். இல்லன்னா, மகன் இல்லாத மாமனாருக்கு மருமகன் கொள்ளி வச்சிருக்கலாம், அப்போ ஐயா அம்மா வழித் தாத்தா ஆயிடுவார், ஆயா அவர் பொண்டாட்டி, ரெண்டு வரியும் பொருந்திடும்.

திருநெல்வேலி: அப்ப அப்பா வழின்னு சொன்னது கோவிந்தாவா?

கோவிந்தா இல்ல, ஆனா சந்தேகம் வந்துடுச்சு. இங்கிலீஷ்ல அய்யான்னு பேர் மாதிரியே எழுதிட்டு, தாத்தான்னும், எந்த வழின்னு கேள்விக்குறியோடயும் போடுங்க. மரத்துல ரெண்டு பக்கமும் கோடு இழுக்காதீங்க, தனியா நிக்கட்டும். அம்மா வழித் தாத்தாவுக்கு மகன் இருந்தாரான்னு கண்டுபிடிச்சா தீர்ந்துடும். பிள்ளை கூட்டின வீடான்னும் கேளுங்க, சுவீகாரம் போன பிள்ளை கொள்ளி வச்சாலும் அப்பச்சின்னுதான் எழுதுவாங்க.

ஸ்கார்பரோ ஆள்: சரி, செட்டிநாட்டுக்கு விட்டுத்தாறன். எண்டாலும் எங்கட கடிதங்களில ஐயா அப்பாதான்.

அதை யாரு இல்லன்னா.

ஈப்போ பேத்தி: இன்னொரு கடிதத்துல மேல 'அரு. ராம. சித.'னு இருக்கு. இவர்தான் எழுதினவரா?

அது விலாசம். தாத்தா, அப்பான்னு வரிசையா வர்ற முதலெழுத்து, கடைக்கும் அதுவே பேர். பெட்டியடியில இருந்த ஏஜெண்டும் முதலாளி விலாசத்தைத்தான் மேல போடுவார், அதனால கீழ கையெழுத்து யாருதுன்னு பாருங்க. விலாசத்தை உடைச்சு யாரையும் பிறக்க வைக்காதீங்க. ஒவ்வொரு எழுத்தும் எந்தத் தலைமுறைன்னு வேற சான்று கிடைக்கிற வரைக்கும் முழு விலாசத்தை அப்படியே தமிழ்ல வச்சுக்குங்க.

கோயம்புத்தூர் ராணி: லேமினேட் பண்ணிட்டா பாதுகாப்பா இருக்குமில்ல?

வேண்டாம்.

தஞ்சாவூர்: எங்க தாத்தா கடிதத்தை லேமினேட் பண்ணலாமா? ரொம்ப நொறுங்குது.

மேல பாருங்க. பண்ணினா அப்புறம் பிரிக்க முடியாது, சாய்வா வெளிச்சம் அடிச்சு அழிஞ்ச எழுத்தோட பள்ளத்தைப் பாக்கவும் முடியாது. நொறுங்குறதை நீவி விரிக்காதீங்க, இருக்கிற மடிப்போட படம் எடுங்க.

சிங்கப்பூர்: 'லை', 'ணா' எல்லாம் வேற மாதிரி எழுதியிருக்கு, எங்களுக்குப் படிக்கத் தெரியல. இது கிரந்தமா?

கிரந்தம் இல்ல, பழைய தமிழ். 1978ல தமிழ்நாட்டு அரசு சீர்திருத்தம் பண்றதுக்கு முன்னாடி அச்சுலயும் அப்படித்தான் இருந்துச்சு, அந்தக் காலத்துப் புத்தகம் ஒண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க, பழகிடும்.

மதுரை: எங்க குலதெய்வம் எதுன்னு இந்தக் கடிதத்துல இருந்து கண்டுபிடிச்சுக் குடுப்பீங்களா?

உங்க அத்தைகளைக் கேளுங்க.

பெயர் சொல்லாதவர்: எனக்கும் தாது வருஷக் கடிதம் இருக்கு. தேதி எப்படி மாத்துறது? லேமினேட் பண்ணியிருக்கேன், பரவாயில்லையா?

முதல் பதிலை மேலேர்ந்து படிங்க. லேமினேட் பத்தி இனிமே பதில் இல்ல. கிழமை என்னன்னு மட்டும் எழுதி அனுப்புங்க, கிழமை இருந்தா பாக்கலாம்.