ஃபெஞ்சல் புயல் மாதிரி வெள்ளத்தில் கூரை வீடும் சம்பா நெல்லும் போய்விட்டால் நிவாரணம் எவ்வளவு, என்ன காகிதம் கேட்பார்கள், எப்போது வரும்?

தென்பெண்ணைக் கரையோரம் எங்களுக்கும் நிலம் இருக்கிறது. ஊரில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன்.

தொகையை முதலில் சொல்லிவிடலாம். 2024 டிசம்பரில் அரசு அறிவித்தபடி, சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிர்களுக்கும் ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500. முழுதாக இடிந்த வீட்டுக்காரர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் முன்னுரிமை என்றார்கள்.

17,000 என்றதும் ஏக்கருக்கு என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர், அதனால் ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் குறைவுதான் வரும். பயிரில் குறைந்தது 33 சதவீதம் சேதம் இருந்தால்தான் அதுவும்.

பணம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் கணக்கெடுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. தண்ணீர் வடிந்தபின் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயலுக்கு வருவார்கள். அவர்கள் எழுதும் பட்டியலில் சர்வே எண்ணும் பரப்பும் சேத சதவீதமும் ஏற வேண்டும். அன்று வயலில் நில்லுங்கள். அழுகிய தூரைப் பிடுங்கிக் காட்டுங்கள். மேலே பச்சையாகத் தெரிந்தாலும் வேர் கறுத்து நாற்றமடிப்பதை வரப்பில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அவசரப்பட்டு உழுதுவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. உழுதே ஆக வேண்டுமென்றால், சர்வே கல்லோ பக்கத்து மோட்டார் கொட்டகையோ தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

காகிதம் என்று பார்த்தால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக். இதில் வில்லங்கம் பிடித்தது அடங்கல். அது நடப்புப் பசலிக்கு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டுக்கு, உரியதாக இருக்க வேண்டும்; 2024 சம்பாவுக்கு 1434-ஆம் பசலி. போன வருட நகலைக் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதமும் கேட்பது வழக்கம்.

குத்தகைக்காரர்கள் பாடு தனி. உதாரணத்துக்கு, ஒருவர் 0.81 ஹெக்டேரில், அதாவது இரண்டு ஏக்கரில் பயிர் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். நிலத்துக்காரர் சென்னையில். மேட்டு வயல் பாதி தப்பிவிட்டது, பள்ள வயல் 0.405 ஹெக்டேர் மட்டும் முழுதாகப் போனது. மொத்தத்துக்கும் 13,770 ரூபாய் என்று இவர் கணக்குப் போட்டிருப்பார். சேதமானதற்கு மட்டும் என்பதால் 6,885தான். அடங்கலில் நிலத்துக்காரர் பெயரே இருந்தால் அந்த 6,885-ம் சென்னைக்குப் போய்விடும். அதனால் கணக்கெடுப்புக்கு முன்பே, பயிரிடுபவர் இவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, நிலத்துக்காரரிடமும் ஒரு கடிதம் வாங்கிவிடுவது நல்லது. பணம் ஒருவர் கணக்கில் ஏறியபின் அதைத் திருப்பி வாங்குவது நடக்கிற காரியமில்லை.

ஆற்றோர நிலத்தில் மணல் மேடிட்டிருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். ஃபெஞ்சல் சமயத்துப் பேரிடர் நிவாரண விதிகளில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த நிலத்தைச் சீர்செய்ய, சிறு குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 வரை இடமிருந்தது. பழைய மண் தெரிகிறவரை ஒரு சின்னக் குழி வெட்டி, ஸ்கேலை நிறுத்திப் படம் எடுத்து மனுவோடு வையுங்கள். வட்டாட்சியரிடம் சிறு குறு விவசாயி சான்றும் வாங்க வேண்டும்.

வீட்டுக்கு ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், வீட்டு வரி ரசீது, படங்கள். விழுந்த சுவரை அள்ளிப் போடுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலர் பார்த்துவிட வேண்டும். கல்வீட்டுக்குத் தனிக் கணக்கு: அப்போதைய விதிப்படி குறைந்தது 15 சதவீதச் சேதம் இருந்தால் 6,500 ரூபாய். விரிசலுக்கெல்லாம் தர மாட்டார்கள்.

எப்போது வரும்? குடிசைப் பணம் முந்தும், பயிர்ப் பணம் பிந்தும். பயிருக்குக் கணக்கெடுப்பு முடிந்து, மாவட்டங்களிலிருந்து அறிக்கை போய், அதன்பின் நிதி ஒதுக்கி ஆணை வர வேண்டும். ஃபெஞ்சலுக்கு அறிவிப்பு 2024 டிசம்பர் தொடக்கத்தில் வந்தது, பயிருக்கான ஒதுக்கீடு 2025-இல்தான். ஆணை வந்தபின்னும் பணம் ஏறவில்லை என்றால், கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று முதலில் வங்கியில் பாருங்கள். பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை ரசீது வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அந்த ரசீதோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம்.

அப்புறம், பயிர்க் காப்பீடு இதில் சேராது. அது பிரீமியம் கட்டியவர்களுக்கு, அறுவடைப் பரிசோதனையில் வரும் மகசூலை வைத்துத் தனியாக வரும். நிவாரணம் வாங்கியதால் காப்பீடு கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.