பூனைக் காப்பீடு: காத்திருப்புக் காலமும் விலக்குகளும் – வாசகர் கேள்வி-பதில்

2 வயது நாட்டுப் பெண் பூனை, வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 ரூபாய் பிரீமியம், 40,000 காப்பீட்டுத் தொகை என்கிறார்கள். எடுக்கலாமா? (கோவை)

நாளைக்கே 40,000 ரூபாய் பில் வந்தால் கடன் வாங்காமல் கட்ட முடியுமா? முடியும் என்றால் மாதம் 300, 400 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். அதுவே போதும். முடியாது என்றால் எடுங்கள்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை ஆகியவற்றின் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. பல் சுத்தம் செய்வதும் வழக்கமாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். ஆகவே ஆண்டுதோறும் நிச்சயமாக வரும் செலவை இதில் ஈடுகட்ட முடியாது. மாடியிலிருந்து விழுந்து எலும்பு முறிவது, நூலை விழுங்கிக் குடலில் சிக்கிக்கொள்வது போன்ற பெரிய பில்லுக்குத்தான் இது. பால்கனிக்கு வலை போட்ட வீட்டில், பெண் பூனைக்கு, அவசரம் அதிகமில்லை. கடுவனாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். காரணம் அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

30 நாள் காத்திருப்பு முடிந்து ஐந்தாறு நாள் கழித்துத்தான் என் கடுவனை மருத்துவமனையில் சேர்த்தேன். ஆனாலும் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். இது மோசடி இல்லையா? (தாம்பரம்)

நீங்கள் அனுப்பிய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். பாலிசி தொடங்கியது ஏப்ரல் 1. காத்திருப்பு, அதாவது தொடக்கத்தில் நோய்க்குப் பணம் தராத காலம், முடிந்தது ஏப்ரல் 30. சிறுநீர்க் குழாய் அடைத்துச் சேர்த்தது மே 6. ஆனால் ஏப்ரல் 20-ம் தேதி ஓ.பி. சீட்டில், "மூன்று நாளாக லிட்டர் ட்ரேயில் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது" என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்தச் சீட்டைக் கிளெய்முடன் இணைத்ததும் நீங்கள்தான்.

உங்கள் பாலிசியின் விலக்கு வாசகம், காத்திருப்புக் காலத்தில் "அறிகுறி தென்பட்ட" நோய் என்று சொல்கிறது. "கண்டறியப்பட்ட" நோய் என்று சொல்லவில்லை. எனவே நோய்க்கு மருத்துவர் பெயர் வைத்த நாளோ, மருத்துவமனையில் சேர்த்த நாளோ கணக்கில் வராது. முதல் அறிகுறி ஏப்ரல் 17. அது காத்திருப்புக் காலத்துக்குள் வருகிறது. இது மோசடி இல்லை. மேல்முறையீடு செய்தாலும் நிற்காது. அடுத்த அடைப்புக்கும் இதே பதில்தான் வரும். நீர்ப்பை அழற்சி, சிறுநீரில் படிகம், அடைப்பு மூன்றையும் காப்பீட்டார் ஒரே நோயின் தொடர்ச்சியாகத்தான் பார்ப்பார்கள்.

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடுவன்களில் இந்த நோய் அடிக்கடி வருகிறது, திரும்பவும் வருகிறது. ஆணின் சிறுநீர்க் குழாய் குறுகலானது. சளி போன்ற கழிவும் படிகமும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பருமனான, உலர் தீவனம் மட்டும் தின்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும் வீட்டுக் கடுவனுக்கு வாய்ப்பு அதிகம். முழுதாக அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ஆகவே காத்திருப்பு முடியட்டும் என்று ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பணம் கிடைக்காவிட்டாலும் முதலில் சிகிச்சை. செலவு தாளாதவர்களுக்குச் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனையை விட அங்கே கட்டணம் மிகக் குறைவு.

பாலிசி எடுக்கும் வாரத்திலேயே பூனையைக் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனையும் செய்து, "தற்போது அறிகுறி ஏதும் இல்லை" என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். பிற்பாடு வரும் தகராறில் அந்த ஒரு தாள்தான் உங்கள் பக்கம் பேசும்.

கேஸ் ஷீட் விஷயத்தில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. "எப்போதிலிருந்து?" என்று மருத்துவமனையில் கேட்டால், பதற்றத்தில் "ரொம்ப நாளாவே இப்படித்தான்" என்கிறார்கள். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. காப்பீட்டார் முதலில் புரட்டுவது அந்த வரியைத்தான். நேற்று இரவு தொடங்கியிருந்தால் நேற்று இரவு என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொன்னால் பாலிசியே ரத்தாகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். தவறு இருந்தால் மருத்துவரிடமே சொல்லி, தேதியும் கையெழுத்தும் போட்ட திருத்தக் குறிப்பு வாங்குங்கள். அடித்து எழுதிய சீட்டு சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

ஏப்ரல் சீட்டில் "ஒரு முறை வாந்தி" என்று மட்டும் இருந்து, அதற்காக நிராகரித்திருந்தால் நானே போராடச் சொல்லியிருப்பேன். அந்த வாந்திக்கும் அடைப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பில் 28,000. காப்பீட்டுத் தொகை 50,000. முழுவதும் கிடைக்கும்தானே? (மதுரை)

கிடைக்காது. நீங்கள் அனுப்பிய பில்லில் சிறப்புத் தீவனமும் வீட்டுக்குப் போன பிறகு வாங்கியவையும் சேர்ந்து 4,000. அது விலக்கு. மீதி 24,000. அதில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் 2,000 போனால் 22,000. கோ-பே 20 சதவீதம், அதாவது 4,400 உங்கள் பங்கு. ஆக 17,600. ஆனால் உங்கள் பாலிசி அட்டவணையில் அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் சேர்த்து உள்வரம்பு 15,000 என்று போட்டிருக்கிறது. கைக்கு வருவது அதுதான். பெரிய எழுத்தில் இருக்கும் 50,000 பல பிரிவுகளுக்கான கூட்டுத்தொகை. வாங்கும் முன்பே அட்டவணையில் உள்வரம்பைப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

10 வயதுப் பூனை, சிறுநீரகம் பழுது என்று இரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. இப்போது எடுத்தால் 3 ஆண்டு கழித்தாவது கிடைக்குமா? (திருச்சி)

கிடைக்காது. முன்பே இருந்த நோய்க்கு 3 ஆண்டுக் காத்திருப்பு என்பது மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டு விதி. செல்லப்பிராணி பாலிசியில் அது வழக்கமாக நிரந்தர விலக்கு. பல நிறுவனங்கள் இந்த வயதில் புதிதாகச் சேர்ப்பதுமில்லை. தவிர, நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு ஆகும் செலவு தோலடிச் சலைன், தீவனம், இரத்தப் பரிசோதனை என்று பெரும்பாலும் ஓ.பி.யில்தான் போகும். மருத்துவமனையில் சேர்த்தால் மட்டும் தரும் பாலிசிக்கு அதில் வேலையே இல்லை. பிரீமியப் பணத்தை மருந்துக்கு வையுங்கள்.

வேறு நிறுவனம் 500 ரூபாய் குறைவாகத் தருகிறது. மாறலாமா? (சேலம்)

பூனைக்கு இதுவரை எந்த நோயும் வரவில்லை என்றால் மாறலாம். வந்திருந்தால் மாறாதீர்கள். இங்கே வந்த நோய் அங்கே "முன்பே இருந்த நோய்" ஆகிவிடும். காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கும். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டாலும் இதே கதிதான்.

பூஸ்டர் ஊசி இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. பிரச்சினையா? (வேலூர்)

அந்த இடைவெளியில், ஊசி தடுத்திருக்கக்கூடிய பான்லூக்கோபீனியா போன்ற நோய் வந்தால் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார்கள். இன்றே போடுங்கள். தேதியும் ஊசியின் லேபிளும் உள்ள அட்டையைப் படமெடுத்து வையுங்கள்.

இங்கே "லைஃப்டைம்" பாலிசி விலை அதிகம், "12 மாத" பாலிசி மலிவு. எதை எடுப்பது? (லண்டன்)

லைஃப்டைம். 12 மாதப் பாலிசியில் ஒரு நோய்க்கு, அது தொடங்கியதிலிருந்து ஓராண்டு வரைதான் பணம். அதற்குப் பின் அந்த நோய் விலக்காகிவிடும். சர்க்கரை நோய் வந்த பூனைக்கு இரண்டாம் ஆண்டு இன்சுலின் முழுக்க உங்கள் செலவு. லைஃப்டைமில் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வரம்பு மறுபடி நிரம்பும், ஆனால் தொடர்ந்து புதுப்பித்தால்தான். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துத் தொடங்குங்கள். ஏழெட்டு ஆண்டு கட்டிவிட்டு, பூனைக்கு நோய் வரும் வயதில் நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம்.