பதினைந்து நிமிடத்தில் பேச்சை முடிக்கச் சொன்னால்

கேள்வி: பெங்களூரில் அடுக்குமாடிச் சங்கங்களுக்கு மழைநீர் சேகரிப்பு அமைத்துக் கொடுக்கிறேன். கூட்டங்களில் பவர்பாயின்டில் 38 ஸ்லைடு வைத்துப் பேசுவேன். 40 நிமிடம் என்று கூப்பிட்டுவிட்டு, அங்கே போனதும் 15 நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். நடுவில் ஒருவர் செலவைக் கேட்டால் எல்லோர் முன்னாலும் ஸ்லைடுகளைத் தள்ளித் தள்ளித் தேடுகிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி ஃபைல் வைத்தால் எது புதியது என்று குழம்புகிறது. ஒரே ஃபைலில் சமாளிக்க வழி உண்டா?
— ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: உண்டு. ஒரே ஃபைல் போதும். ஆனால் ஸ்லைடுகளை வரிசையாகப் பேசித் தீர்க்கும் பழக்கத்தை விட வேண்டும். தொடக்கத்தில் ஒரு மெனு ஸ்லைடு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு பகுதிக்குப் போய், அது முடிந்ததும் மெனுவுக்கே திரும்ப வேண்டும். எந்தப் பகுதிக்குப் போவது என்பதைக் கூட்டத்தில் வரும் கேள்வி முடிவு செய்யட்டும்.

உங்கள் 38 ஸ்லைடையே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று ஸ்லைடு தொடக்கம்: பெயர், தண்ணீர் லாரிக்கு ஆகும் செலவு, மூன்றாவதாக மெனு. பிறகு செலவு 4 முதல் 8 வரை, நீர்க்கணக்கு 9 முதல் 13 வரை, வடிகட்டியும் கிணறும் 14 முதல் 20 வரை, பராமரிப்பு 21 முதல் 25 வரை. முடிவுரை 26 முதல் 28 வரை. மீதி பத்தும், அதாவது 29 முதல் 38 வரை, யாராவது கேட்டால் மட்டும் காட்ட வேண்டியவை. அவற்றைக் கடைசியில் தள்ளிவிடுங்கள்.

இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு பகுதியின் முதல் ஸ்லைடுக்கு மேலும் வலது சொடுக்கு செய்து Add Section கொடுத்துப் பெயர் வையுங்கள். அப்புறம் மெனு ஸ்லைடில் Insert, Zoom, Section Zoom என்று போய், செலவு முதல் முடிவுரை வரை ஐந்து பகுதிகளையும் தேர்ந்தெடுத்தால் ஐந்து சிறு படங்கள் வந்து உட்காரும். காட்சியின்போது 'செலவு' படத்தைச் சொடுக்கினால் 4-வது ஸ்லைடு திறக்கும். 8 முடிந்து அடுத்ததை அழுத்தினால் 9-க்குப் போகாமல் மெனுவுக்கே திரும்பும். நமக்கு வேண்டியதே இந்தத் திரும்பல்தான். சாதாரண லிங்க்கில் இது கிடைக்காது.

பவர்பாயின்ட் 2019-இலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் இந்த வசதி இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு உள்ள கணினியில் அந்தப் படங்கள் வெறும் லிங்க்காகத்தான் வேலை செய்யும். போகும், தானாகத் திரும்பாது. சங்க அலுவலகத்துக் கணினியை நம்ப வேண்டியிருக்கும் என்பதால் எல்லா ஸ்லைடிலும் ஒரு திரும்பும் வழி வைத்துவிடுவது நல்லது. View, Slide Master போய், இடப்பக்கப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள பெரிய ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் வரையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து Ctrl+K அழுத்தி, Place in This Document-இல் மெனு ஸ்லைடைக் காட்டுங்கள். எழுத்துக்கு லிங்க் கொடுத்தால் அடிக்கோடும் நிறமாற்றமும் வரும். அதனால் கட்டத்துக்கே கொடுப்பது மேல். அந்த இடத்தில் எந்தப் புகைப்படமும் வந்து மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடினால் சொடுக்கு படத்தில்தான் விழும்.

பலரும் தடுமாறுவது சொடுக்கு தவறும் இடத்தில்தான். லிங்க்குக்கு அரை அங்குலம் தள்ளிச் சொடுக்கினால் பவர்பாயின்ட் அதை 'அடுத்த ஸ்லைடு' என்று எடுத்துக்கொள்ளும். மெனு ஸ்லைடில் Transitions தாவலில் On Mouse Click டிக்கை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆனாலும் விசைப்பலகையின் அம்புக்குறியும் ஸ்பேஸ்பாரும் நகர்த்தத்தான் செய்யும். அதனால்தான் செலவுப் பகுதியை மெனுவுக்கு அடுத்து வைத்தேன். கை தவறி அழுத்தினாலும், எப்படியும் கேட்கப்போகும் பகுதியில்தான் போய் நிற்பீர்கள்.

சரி, கடைசிப் பத்து ஸ்லைடு. அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் Hide Slide கொடுங்கள். எண்ணின் மேல் கோடு விழும். வரிசையாகப் போகும்போது அவை வராது. ஆனால் லிங்க் கொடுத்தாலோ, காட்சி நடக்கும்போது எண்ணைத் தட்டி Enter அழுத்தினாலோ உடனே திறக்கும். அடிக்கடி தேவைப்படுவதற்கு லிங்க் வையுங்கள். மற்றவற்றின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் புது ஸ்லைடு சேர்த்தால் எண்கள் மாறும். லிங்க் மாறாது, அது ஸ்லைடையேதான் பிடித்திருக்கும். அதனால் ஸ்லைடு சேர்த்த அன்றே சீட்டையும் திருத்திவிடுங்கள்.

மறைத்த ஸ்லைடிலிருந்து திரும்ப, அதில் ஒரு கட்டம் வரைந்து Insert, Action போய் Hyperlink to பட்டியலில் Last Slide Viewed தேர்ந்தெடுங்கள். எங்கிருந்து வந்தீர்களோ அங்கேயே கொண்டுபோய் விடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 31-லிருந்து நேராக 34-க்குத் தாவினால், 34-இல் உள்ள கட்டம் 31-க்குத்தான் போகும். அப்போது ஓரத்து மெனு கட்டத்தைச் சொடுக்குங்கள்.

ஒரு கூட்டத்தில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். செயலாளர் "சார், கால் மணி நேரம்தான்" என்கிறார். தொடக்கம் மூன்று, மெனுவிலிருந்து செலவு ஐந்து, மீண்டும் மெனு, முடிவுரை மூன்று. மொத்தம் 11 ஸ்லைடு, அவசரமில்லாமல் பேசலாம். நடுவில் ஒரு பெரியவர், "இது கட்டாயமா தம்பி?" என்று கேட்கிறார். 31 தட்டி Enter. பெங்களூரில் 2009-இல் வந்த சட்டத் திருத்தம், 60-க்கு 40 அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் ஏற்கெனவே உள்ள கட்டடங்களையும் சேர்த்தது என்று காட்டுகிறீர்கள். கட்டத்தைச் சொடுக்கினால் விட்ட செலவு ஸ்லைடே திரும்பி வருகிறது. தேடியது யார் கண்ணிலும் படவில்லை.

கையில் வைத்து அழுத்தும் சாதாரண ரிமோட்டால் லிங்க்கைச் சொடுக்க முடியாது. முன்னும் பின்னும் நகர்த்தலாம், அவ்வளவுதான். மெனுவில் மட்டும் கணினி அருகே வந்து நில்லுங்கள். மவுஸ் சுட்டி தெரிய வேண்டாம் என்றால் சாதாரண லிங்க்குகளுக்கு Tab அழுத்தினால் ஒவ்வொன்றாகத் தேர்வாகும், Enter அழுத்தினால் திறக்கும்.

கடைசியாக, நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். மறைத்த ஸ்லைடு மறைந்திருப்பது காட்சியில் மட்டும்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் கேட்டாரே என்று ஃபைலை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். எங்கள் கொள்முதல் விலைப் பட்டியல் மறைத்த ஸ்லைடாக உள்ளேயே இருந்தது. மறுநாள் பேரம் அந்த விலையிலிருந்துதான் தொடங்கியது. ஃபைலாகத்தான் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் நகலெடுங்கள். அந்த நகலில் கடைசிப் பகுதியின் பெயர் மேல் வலது சொடுக்கு செய்து Remove Section & Slides கொடுத்த பிறகு அனுப்புங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது Options-இல் Include hidden slides டிக் எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அனுப்புமுன் அந்த பிடிஎஃபை நீங்களே திறந்து பக்கங்களை எண்ணுங்கள். 38 இருந்தால் அனுப்பாதீர்கள். 28 இருக்க வேண்டும்.