வெளி உறுப்பினரின் நாள்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மதுரையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கிறேன். பதிவு 2024 ஜனவரி 8. யு.ஜி.சி. தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். பெறுகிறேன். இரண்டாம் ஆண்டு முன்னேற்றக் கூட்டத்தை நடத்தி அறிக்கையை 2026 ஜனவரி 31-க்குள் அலுவலகத்தில் தர வேண்டும். என் ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிடும் குழுவின் வெளி உறுப்பினர் சென்னைப் பேராசிரியர். சென்ற ஆண்டு மூன்று முறை தேதி மாறி இரண்டு மாதம் தாமதமானது. இந்த அக்டோபரிலேயே தொடங்கினால் எப்படித் திட்டமிட வேண்டும்?

பதில்: சென்ற ஆண்டு தேதி ஏன் மாறியது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான். நெறியாளரும் துறைத் தலைவரும் தங்களுக்கு ஒத்துவரும் ஒரு நாளைக் குறித்துவிட்டு, கடைசியாக வெளி உறுப்பினருக்குத் தெரிவிப்பார்கள். அவருக்கு அன்று விடைத்தாள் திருத்தும் முகாமோ வாய்மொழித் தேர்வோ இருக்கும். உள்ளே இருப்பவர்கள் ஒரே கட்டடத்தில் இருப்பதால் அவர்களுடைய நாளை நகர்த்துவது எளிது. வெளியில் இருந்து வருபவருக்கோ ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு இரண்டு இரவுப் பயணமும், வெளிப்பணிக்காகக் கல்லூரி தரும் ஒரு நாள் ஓ.டி. அனுமதியும் தேவைப்படுகின்றன. ஆகவே முதலில் கேட்க வேண்டியது அவருடைய நாளை. மற்றவர்களின் நாள் அதற்கேற்ப அமையட்டும்.

அதற்கும் முன்பாக ஒரு சிறு சோதனை செய்யுங்கள். உங்கள் குழுவை அங்கீகரித்துப் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தை எடுத்து, அதிலுள்ள பெயர், பதவி, நிறுவனம் ஆகியவை இன்றும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். வெளி உறுப்பினர் இடைப்பட்ட காலத்தில் ஓய்வு பெற்றிருந்தாலோ வேறு கல்லூரிக்கு மாறியிருந்தாலோ, அவரே தொடரலாமா, மாற்று உறுப்பினருக்கு ஒப்புதல் வாங்க வேண்டுமா என்பதை ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இது ஜனவரியில் தெரியவந்தால் கூட்டமே நடத்த முடியாமல் போகும். அக்டோபரில் தெரிந்தால் மாற்று ஒப்புதல் பெறக் காலம் இருக்கிறது.

யு.ஜி.சி.யின் 2022 முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி குழுவின் அமைப்பாளர் உங்கள் நெறியாளர். எனவே அழைப்பு அவர் பெயரில், அவருடைய மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும். பேராசிரியர் தம் கல்லூரியில் ஓ.டி. பெறக் காட்டும் தாள் இந்த அழைப்புதான். ஆய்வாளர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியை எந்த முதல்வரும் ஏற்கமாட்டார். வரைவைத் தயாரிப்பது, தேதிகளைப் பட்டியலிடுவது, நினைவூட்டல் அனுப்புவது ஆகியவற்றை நீங்கள் செய்யலாம். அதே ஒழுங்குமுறை ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் குழுவின் முன் தோன்றி முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் இதை ஆண்டுக் கூட்டம் என்று சொன்னாலும், இடையில் நடக்க வேண்டிய அரையாண்டுக் கூட்டம் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது; வெளி உறுப்பினர் நேரில் வரும்போது விடுபட்டது தெரிந்தால் அதைப் பின்தேதியிட்டுச் சரிசெய்யும் தவறான வழியைத்தான் பலர் தேடுகிறார்கள்.

இனி தேதி. உங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஜே.ஆர்.எஃப். காலம் இரண்டு ஆண்டு முடிந்தபின், நெறியாளர், துறைத் தலைவர், வெளியிலிருந்து ஒரு பாட வல்லுநர் ஆகிய மூவரும் பணியை மதிப்பிட்டு ஒப்புதல் தந்தால்தான் அடுத்த நிலையான முதுநிலை உதவித்தொகைக்கு, அதாவது எஸ்.ஆர்.எஃப். ஆக, உயர்வு கிடைக்கும். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாயாகும். உங்கள் வெளி உறுப்பினரே அந்த வல்லுநராகவும் இருக்கலாமா என்று ஆய்வுப் பிரிவில் கேளுங்கள். இருக்கலாம் என்றால், ஒரே வருகையில் இரண்டு வேலையையும் முடிக்கலாம். ஆனால் பதிவோடு உதவித்தொகையும் 2024 ஜனவரி 8-இல் தொடங்கியிருந்தால், இரண்டு ஆண்டு நிறைவடைவது 2026 ஜனவரி 7-இல். அதற்கு முன் நடந்த மதிப்பீட்டை “காலம் நிறைவடையவில்லை” என்று அலுவலகம் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. உதவித்தொகை வேறு தேதியில் தொடங்கியிருந்தால் அந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஆகவே டிசம்பரில் கூட்டத்தை முடித்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம். பருவத் தேர்வு, விடைத்தாள் திருத்தும் முகாம், கிறிஸ்துமஸ் என அந்த மாதமே ஆசிரியர்களுக்கு அடைந்துகிடக்கும். ஜனவரி 7-க்குப் பிறகு வரும் முதல் வாரத்தில் பொங்கல் நெருங்கிவிடுகிறது: 15 வியாழன் பொங்கல், 16 திருவள்ளுவர் நாள், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. 26 திங்கள் குடியரசு நாள் என்பதால் 24 முதல் 26 வரை தொடர் விடுமுறையும் சேர்கிறது. மீதமிருப்பது 19 முதல் 23 வரையிலான ஐந்து வேலைநாட்கள். அதன்பின் 27 முதல் 30 வரை நான்கு நாட்கள். 31-ஆம் தேதி சனிக்கிழமை. அலுவலகம் அன்று திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காது என்றால் உங்கள் உண்மையான கடைசி நாள் 30 வெள்ளி.

இந்தக் கணக்கில் நான் தேர்ந்தெடுப்பது ஜனவரி 20 செவ்வாய், அல்லது 22 வியாழன். இந்த இரண்டை மட்டும் பேராசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். “உங்களுக்கு எப்போது வசதி?” என்ற பொதுக்கேள்விக்கு “பிறகு சொல்கிறேன்” என்ற பதில்தான் வரும். இரண்டு நாட்களும் அவருக்கு ஒத்துவரவில்லை என்றால் 28 புதனைக் கேட்கலாம். ஒத்துவந்தாலும் 28-ஐ உங்கள் நோட்டில் காப்பு நாளாக வைத்திருங்கள்; அன்று கூட்டம் நடந்தாலும் 29, 30 என இரண்டு நாட்கள் தாளை அலுவலகத்தில் சேர்க்க மிஞ்சும். துறைத் தலைவர், மற்ற உறுப்பினர் ஆகியோருடைய நாட்களையும் இதே மூன்று தேதிகளில் முன்கூட்டியே கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கட்டும். நெறியாளர் தொலைபேசியில் கேட்டு ஒப்புக்கொண்டபின், நவம்பர் 14-க்குள் கடிதம் போக வேண்டும். இவ்வளவு அவசரம் ஏன் என்றால், ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. பேராசிரியர் ஜனவரி 19 இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டுமானால் அந்த நாளுக்கான பதிவு நவம்பர் 20-இல் தொடங்கும். பொங்கல் முடிந்து மக்கள் சென்னைக்குத் திரும்பும் வாரத்தில் அவர் எதிர்த்திசையில் வருவதால் வருகைக்கு இடம் கிடைப்பது எளிது. 20 இரவுத் திரும்பும் பயணத்துக்குத்தான் நெருக்கடி இருக்கலாம். இரண்டு சீட்டுக்கும் பதிவு ஒரே நாளில் திறக்காது, திரும்பும் பயணத்துக்கான பதிவு மறுநாள் திறக்கும்.

கடிதத்தில் நீண்ட முகவுரை வேண்டாம். இதைப்போல இருந்தால் போதும்:

“மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், தாங்கள் வெளி உறுப்பினராக உள்ள முனைவர் பட்டக் குழுவின் இரண்டாம் ஆண்டு முன்னேற்றக் கூட்டம் 20.01.2026 செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு எங்கள் துறையில் நடைபெறும். ஆய்வாளரின் எஸ்.ஆர்.எஃப். மதிப்பீடும் அன்றே நடைபெறும். முன்னேற்ற அறிக்கை ஜனவரி 5-க்குள் தங்களுக்கு அனுப்பப்படும். பயணப்படியும் மதிப்பூதியமும் கல்லூரி விதிப்படி வழங்கப்படும். தங்கள் ஒப்புதலைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கடைசிக்கு முந்தைய வரியை எழுதுவதற்கு முன், அது உண்மையா என்று கல்லூரி அலுவலகத்தில் உறுதிசெய்யுங்கள். எந்தத் தலைப்பிலிருந்து பணம் வரும், ரயிலில் எந்த வகுப்பு வரை அனுமதி, பயணச்சீட்டின் நகல் தேவையா என்ற மூன்றும் தெரிந்தால் போதும். பல இடங்களில் இந்தத் தொகையை ஆய்வாளர் கையிலிருந்து கொடுத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அது வழக்கமாகிவிட்டது என்பதற்காக விதி ஆகிவிடாது.

அறிக்கையை ஜனவரி 5 திங்களன்று அனுப்புவதென்றால், நெறியாளரின் கைக்கு அது டிசம்பர் 20-க்குள் போயிருக்க வேண்டும். ஐந்து அல்லது ஆறு பக்கம் போதும்: சென்ற கூட்டம் சொன்ன திருத்தங்கள், அவற்றில் செய்தவை, செய்யாதவற்றுக்குக் காரணம், வரும் ஆண்டின் திட்டம். வெளி உறுப்பினர் உங்களை ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்கிறார். சென்ற ஆண்டு தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு நினைவிருக்காது. ஆகவே சென்ற கூட்டக் குறிப்பின் நகலையும் இணையுங்கள். ஜனவரி 12-இல் ஒரு நினைவூட்டல், 19 காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு, நடுவில் வேண்டாம்.

அவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். இணையவழியில் அவர் பங்கேற்பதை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கிறதா, ஏற்றால் கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதுமா என்று ஆய்வுப் பிரிவின் மின்னஞ்சல் பதிலை அக்டோபரிலேயே வாங்கி வையுங்கள். யாரோ வாய்மொழியாகச் சொன்னதை நம்ப வேண்டாம். ஏற்காது என்றால், 28 புதனுக்கு மாற்றும் கடிதத்தை அன்றே அனுப்ப வேண்டும். அவரில்லாமல் கூட்டம் நடத்திவிட்டுத் தாளைச் சென்னைக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழியை யாராவது சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். நடக்காத வருகைக்கு அது சாட்சி, பின்னர் பட்டத்துக்கே கேள்வி எழும்போது அந்தத் தாள்தான் முதலில் பார்க்கப்படும்.

கூட்ட நாளில் நீங்கள் கவனிக்க வேண்டியது தாள்தான். கூட்டக் குறிப்பின் வடிவம் முன்பே தட்டச்சாகி, குழுவின் கருத்துகளுக்கு இடம் விட்டு இருக்க வேண்டும். கருத்துகளை உடனே கணினியில் சேர்த்து, அச்செடுத்து, பேராசிரியர் மதிய உணவுக்குப் போகும்முன் அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு ஒன்று, எஸ்.ஆர்.எஃப். மதிப்பீட்டுக்கு ஒன்று எனத் தனித்தனித் தாள். ஒன்றிலுள்ள ஒப்புதல் மற்றதற்குச் செல்லாது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே தேதி இருக்க வேண்டும், அது 20.01.2026 ஆக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளரின் தாளில் நெறியாளர் மறுநாள் தேதியைப் போட்டுவிட்டதால் முழுத் தாளும் திரும்பி வந்தது. வெளி உறுப்பினர் அப்போது வெளிநாட்டில் இருந்தார், ஆறு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பயணப்படிப் படிவத்தில் அவர் கையெழுத்து, வங்கி விவரம், பயணச்சீட்டு நகல் ஆகியவற்றையும் அதே மேசையில் வாங்கிவிடுங்கள்.

தாளை 21-ஆம் தேதியே ஆய்வுப் பிரிவில் சேர்த்து, வரவு முத்திரை பெற்ற நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டின் அறிக்கையில் இணைக்க வேண்டிய முதல் தாள் அதுவே.