கடைசி ஓவரில் வென்ற கோப்பைக்கு ஒரு கேப்ஷன்

கேள்வி: எங்க ஊர் கிளப் டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஃபைனல்ல ஜெயிச்சிருக்கு. 8 ஓவர் மேட்ச். நாங்க 71/6, அவங்க 67/7. அவங்க ஓப்பனர் 19 பந்துல 34 அடிச்சு பயம் காட்டிட்டார், ஏழாவது ஓவர்ல லாங் ஆன் கேட்ச்ல போனார். கடைசி ஓவர்ல 9 ரன் வேணும், எங்க பவுலர் 4தான் கொடுத்தார். ஜெயிச்சது பக்கத்து ஊர் டீமை. ஃபேஸ்புக்ல போட கேப்ஷன் வேணும். கெத்தா இருக்கணும், அவங்க மனசும் நோகக் கூடாது.

பதில்:

கேள்வியிலேயே பாதி கேப்ஷனை எழுதிவிட்டீர்கள். "கடைசி ஓவரில் 9 வேண்டும், கொடுத்தது 4" என்பதைவிடக் கெத்தான வரி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஊர் டீம் பதிவுகளில் வழக்கமாக வருகிற "துவம்சம்", "மரண அடி", "ஓட ஓட விரட்டினோம்" எதுவும் இந்த மேட்ச்சுக்குப் பொருந்தாது. 4 ரன்னில் ஜெயித்துவிட்டு துவம்சம் என்று போட்டால், ஸ்கோர் கார்டைப் பார்த்தவன் சிரிப்பான். கடைசி ஓவர் வரை போன மேட்ச் என்று சொன்னால்தான் உங்கள் பவுலருக்கே பெருமை.

எதிரணியைப் பாராட்டுகிற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "தோற்றாலும் நன்றாக முயற்சி செய்தார்கள்" என்று எழுதினால் மரியாதை மாதிரித் தெரியும், ஆனால் படிக்கிற அவர்களுக்கு முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பியது போல இருக்கும். பொதுவாகப் பாராட்டாமல், அவர்கள் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த 34 ரன்னை எழுதினாலே போதும். அது அவர்களுக்கு மரியாதை. அவ்வளவு நன்றாக ஆடியவர்களை வென்றோம் என்பதால் உங்களுக்கும் கூடுதல் கெத்து.

இப்படிப் போடலாம். புள்ளி வைத்த இடத்தில் அவர்கள் அணியின் பெயர்:

"கடைசி ஓவர். வேண்டியது 9. நம்ம பவுலர் கொடுத்தது 4. கோப்பை நம்ம ஊருக்கு! 🏆

71 ரன் போதுமா என்று எங்களுக்கே சந்தேகம்தான். 19 பந்தில் 34 அடித்த ......... அணியின் ஓப்பனர் களத்தில் இருந்தவரை மேட்ச் அவர்கள் கையில். லாங் ஆனில் அந்த கேட்ச் கைக்குள் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. 4 ரன் வித்தியாசத்தில் வெற்றி!

இப்படி ஒரு ஃபைனல் கொடுத்த ......... அணிக்கு நன்றி, அடுத்த டோர்னமென்ட்டில் மறுபடி மோதுவோம். வெயிலில் நின்ற அம்பயர்களுக்கும், ஸ்கோர் எழுதிய தம்பிக்கும், தொண்டை வற்றக் கத்திய ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கோப்பையில் பங்கு உண்டு."

முதல் வரி சின்னதாக இருப்பது வேண்டுமென்றேதான். நீளமான பதிவை ஃபேஸ்புக் மடித்துவிடும், மேலே இருக்கிற ஒன்றிரண்டு வரிதான் எல்லோர் கண்ணிலும் படும். "அனைவருக்கும் வணக்கம், இன்று நடைபெற்ற" என்று ஆரம்பித்தால் கோப்பை விஷயமே உள்ளே போய்விடும். நன்றிப் பட்டியல் கடைசியில் இருக்கட்டும். பரிசுத் தொகை கொடுத்தவர் பெயர் போட வேண்டியிருந்தால் அதுவும் அங்கேதான்.

வித்தியாசத்தைச் சரியாக எழுதுங்கள். நீங்கள் முதலில் பேட் செய்ததால் ரன் கணக்கு. சேஸ் செய்து ஜெயித்திருந்தால்தான் விக்கெட் கணக்கு, அதுவும் விழுந்தது இல்லை, கையில் மிச்சம் இருந்தது. இதை மாற்றிப் போட்டுவிட்டு கமென்ட்டில் வாங்கிக் கட்டிக்கொள்கிற அட்மின்கள் நிறைய.

போட்டோவும் பேசும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2005 ஆஷஸில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட்டை இங்கிலாந்து வெறும் 2 ரன்னில் ஜெயித்தது. 282 துரத்திய ஆஸ்திரேலியா 279க்கு ஆல் அவுட், பிரெட் லீ 43 நாட் அவுட். அந்த மேட்ச் என்றதும் கண்முன் வருவது ஃப்ளின்டாஃப் குனிந்து, உட்கார்ந்திருந்த லீயின் தோளில் கைவைத்து ஆறுதல் சொன்ன படம்தான். உங்களிடமும் மேட்ச் முடிந்து இரண்டு டீமும் கைகொடுக்கிற போட்டோ ஏதாவது இருக்கும். கோப்பையோடு நிற்கும் படத்தை முதலில் போட்டு, அதை இரண்டாவதாகச் சேருங்கள். அவர்கள் ஓப்பனர் தலைகுனிந்து வெளியே நடக்கிற படம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் வேண்டாம், அதில் அவரை டேக் செய்வது அதைவிட மோசம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு இவ்வளவு போதும்: "வேண்டியது 9, கொடுத்தது 4. கோப்பை நமதே! கடைசி பந்து வரை விடாத ......... அணிக்கு ஒரு சல்யூட்."

அப்புறம், 4 ரன் மேட்ச் என்றால் "அந்த பந்து வைடுதான்" என்று யாராவது கமென்ட்டில் வராமல் இருக்க மாட்டார்கள். உங்கள் பையன்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்: பதில் கிளப் பக்கத்திலிருந்து மட்டும், ஒரே ஒரு தடவை, "அம்பயர் முடிவை ரெண்டு டீமும் ஏத்துக்கிட்டோம் அண்ணே" என்று.